ஒரு நோயாளி, ஒரு துறை, ஒரு மருத்துவர்

பெரிய மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிப் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே இரண்டு விதிகள் நடைமுறையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மருத்துவர் ஒரே ஒரு துறையில்தான் வேலை பார்ப்பார். இது முதல் விதி. ஒரு நோயாளிக்கு ஒரு துறையில் ஒரே ஒரு மருத்துவர்தான் பொறுப்பு. இது இரண்டாவது. இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர் என்று ஒரே நோயாளியை இருவர் பார்க்கலாம். ஆனால் இதயத்துக்கே இரண்டு பேர் கூடாது. அப்படி இருந்தால், ஒருவர் எழுதிக்கொடுத்த ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை மற்றவருக்குத் தெரியாமலே போகலாம். இருவருடைய சீட்டுக்கும் மருந்து வாங்கி இரண்டையும் சாப்பிடுகிற நோயாளிக்கு என்ன ஆகும் என்பதை மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்த இரண்டு விதிகளையும் கணினியில் ஏற்ற வேண்டும். மிக எளிய வழி, மூன்று பத்திகள் கொண்ட ஒரே அட்டவணை:

```
நோயாளி | துறை     | மருத்துவர்
501    | இதயம்    | 12
501    | சர்க்கரை | 20
502    | இதயம்    | 15
503    | இதயம்    | 12
```

தரவுத்தள வடிவமைப்பில் 'சார்பு' என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரு பத்தியின் மதிப்பு தெரிந்தால் இன்னொரு பத்தியின் மதிப்பு ஒன்றே ஒன்றாக முடிவாகிவிடுகிறது என்றால், இரண்டாவது முதலாவதைச் சார்ந்திருக்கிறது என்று பொருள். நம் முதல் விதிப்படி மருத்துவர் எண் தெரிந்தால் துறை தெரிந்துவிடும். இரண்டாம் விதிப்படி நோயாளியும் துறையும் சேர்ந்து தெரிந்தால் மருத்துவர் யார் என்று தெரிந்துவிடும். இப்படி முடிவு செய்யும் இடத்தில் நிற்கும் பத்தியையோ பத்திகளின் கூட்டத்தையோ 'தீர்மானி' என்று அழைக்கலாம். முதல் விதியில் தீர்மானி மருத்துவர். இரண்டாவதில் நோயாளியும் துறையும் சேர்ந்த இணை.

இன்னொரு சொல்லும் வேண்டும்: சாவி. ஒரு வரியை அப்படியே முழுசாக அடையாளம் காட்ட எந்தப் பத்திகள் குறைந்தபட்சம் தேவையோ அவை சேர்ந்தது சாவி. இங்கே நோயாளி, துறை இரண்டும் சேர்ந்தால் மருத்துவர் கிடைத்துவிடுகிறார். ஆக அது ஒரு சாவி. நோயாளி, மருத்துவர் இரண்டும் சேர்ந்தால் துறை கிடைத்துவிடுகிறது. அதுவும் ஒரு சாவி. இரண்டு சாவிகள், இரண்டுமே இரட்டைப் பத்திகளால் ஆனவை, இரண்டிலும் நோயாளி என்ற பத்தி பொதுவாக இருக்கிறது. இந்தப் பொதுப் பங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல் முழுவதும் இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

இந்த அட்டவணையில் குறை என்ன? 12-ஆம் எண் மருத்துவர் இதயத் துறை என்ற ஒரே செய்தி, அவரிடம் எத்தனை நோயாளிகள் இருக்கிறார்களோ அத்தனை தடவை எழுதப்பட்டிருக்கிறது. அவரைப் பொது மருத்துவத்துக்கு மாற்றினால் அத்தனை வரிகளையும் திருத்த வேண்டும். ஒன்றை விட்டுவிட்டாலும் அவர் ஒரே நேரத்தில் இரண்டு துறைகளில் இருப்பதாகப் பதிவேடு சொல்லும். நேற்றுதான் பணியில் சேர்ந்த மருத்துவரை எந்தத் துறை என்று எழுதி வைக்க இடமே இல்லை, ஏனென்றால் அவருக்கு இன்னும் நோயாளி இல்லை. ஒரு மருத்துவரிடம் இருந்த கடைசி நோயாளியின் வரியை அழித்தால், அந்த மருத்துவரின் துறையும் சேர்ந்தே அழிந்துவிடும்.

இத்தகைய கோளாறுகளை ஒழிப்பதற்காகத்தான் எட்கர் காட் 1970-களின் தொடக்கத்தில் 'நார்மல் ஃபார்ம்' என்ற படிநிலைகளை வகுத்தார். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராக இருந்தவர். அட்டவணைகளை அடிப்படையாகக் கொண்ட தரவுத்தளம் என்ற எண்ணத்தையே 1970-ல் எழுதிய கட்டுரையில் முன்வைத்தவர். அவர் வகுத்த மூன்றாம் நார்மல் ஃபார்ம் இன்றைக்கும் கல்லூரிப் பாடத்தில் முதலில் நிற்பது. ஆச்சரியம் என்னவென்றால், மேலே இத்தனை கோளாறுகளைக் காட்டிய நம் அட்டவணை அந்தத் தேர்வில் தேறிவிடுகிறது.

எப்படி? மூன்றாம் நார்மல் ஃபார்ம் ஒவ்வொரு சார்பையும் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறது. தீர்மானி தன்னளவிலேயே முழு வரியையும் அடையாளம் காட்டுகிறதா? ஆம் என்றால் சரி. இல்லை என்றாலும் ஒரு சலுகை உண்டு: தீர்மானிக்கப்படும் பத்தி ஏதாவது ஒரு சாவியின் அங்கமாக இருந்தால் போதும், விட்டுவிடலாம். மருத்துவர் எண் துறையைத் தீர்மானிக்கிறது. மருத்துவர் எண் மட்டும் சாவி அல்ல, ஒரே மருத்துவருக்குப் பல வரிகள் இருக்கின்றனவே. ஆனால் துறை என்பது 'நோயாளி, துறை' என்ற சாவியின் அங்கம். சலுகை பொருந்துகிறது, அட்டவணை தேறுகிறது.

இந்தச் சலுகை 1970-களின் ஆராய்ச்சியாளர்கள் கண்ணுக்குத் தப்பவில்லை. இயன் ஹீத் என்பவர் 1971-லேயே இதைவிடக் கண்டிப்பான வரையறை ஒன்றைத் தந்திருந்தார். 1974-ல் ரேமண்ட் பாய்ஸும் காடும் முன்வைத்த கண்டிப்பான வடிவம்தான் பாய்ஸ்–காட் நார்மல் ஃபார்ம் என்று நிலைத்தது. டொனால்ட் சேம்பர்லினோடு சேர்ந்து எஸ்.க்யூ.எல். மொழியை உருவாக்கியவர் இதே பாய்ஸ். அதே 1974-ல், மிக இளம் வயதில் அவர் இறந்துபோனார். இந்தத் துறைக்கு அது பெரிய இழப்பு. அவர் பெயர் தாங்கிய விதியின் அழகு அதன் சுருக்கத்தில் இருக்கிறது: தீர்மானி எதுவானாலும் அது சாவியாக இருக்க வேண்டும். சலுகை கிடையாது, சாவியின் அங்கமா இல்லையா என்ற ஆராய்ச்சியும் கிடையாது.

நம் அட்டவணையில் மருத்துவர் ஒரு தீர்மானி. ஆனால் சாவி அல்ல. ஆக, தேறவில்லை. இங்கே ஒரு பொதுவான அடையாளத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அட்டவணை மூன்றாம் ஃபார்மில் தேறி, பாய்ஸ்–காடில் தவறுகிறது என்றால், அதில் ஒன்றுக்கு மேற்பட்ட பத்திகளால் ஆன இரண்டு சாவிகளாவது இருந்தாக வேண்டும். அவை ஒரு பத்தியையாவது பகிர்ந்துகொண்டிருக்க வேண்டும். நம்முடையதில் அந்தப் பகிர்வு நோயாளி. இப்படிப்பட்ட சாவிகள் கண்ணில் படாவிட்டால் இரண்டு ஃபார்ம்களுக்கும் வித்தியாசமே வராது. நிஜ வாழ்வில் பெரும்பாலான அட்டவணைகளுக்கு ஒரு சாவிதான் இருக்கும் என்பதால், பலர் இந்தச் சிக்கலைச் சந்திக்காமலே காலம் தள்ளிவிடுகிறார்கள்.

சரி, தவறிய அட்டவணையைத் திருத்த வேண்டியதுதானே? வழக்கமான வழி, உடைப்பது. கோளாறு செய்யும் சார்பைத் தனி அட்டவணையாக எடுத்துவிட வேண்டும். 'மருத்துவர், துறை' ஒன்று. 'நோயாளி, மருத்துவர்' இன்னொன்று. முதலாவதில் மருத்துவர்தான் சாவி. இரண்டாவதில் இரண்டு பத்திகளும் சேர்ந்து சாவி. இரண்டுமே கண்டிப்பான தேர்வில் தேறுகின்றன. துறை ஒரே ஒரு தடவைதான் எழுதப்படுகிறது, புதிய மருத்துவருக்கும் இடம் கிடைத்துவிட்டது.

உடைத்தபின் இழப்பு ஏதாவது உண்டா என்று பார்க்க வேண்டும். இரண்டு அட்டவணைகளையும் மருத்துவர் எண்ணைக் கொண்டு மீண்டும் இணைத்தால் பழைய அட்டவணை அப்படியே திரும்பக் கிடைக்கிறதா? கிடைக்கிறது. பொதுவான பத்தி மருத்துவர். அது துறையை ஒன்றே ஒன்றாகத் தீர்மானிக்கிறது. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு ஜோடிதான் சேரும். ஹீத் நிறுவிக் காட்டியது இதைத்தான். இழப்பில்லாப் பிரிப்பு என்பது இது.

வேறு மாதிரி உடைத்திருந்தால் கதை மாறியிருக்கும். 'நோயாளி, துறை' ஒன்று, 'துறை, மருத்துவர்' ஒன்று என்று உடைத்துப் பாருங்கள். இதயத் துறையில் 501, 502, 503 என மூன்று நோயாளிகள். 12, 15 என இரண்டு மருத்துவர்கள். துறையைக் கொண்டு இணைத்தால் மூன்று வரிகளுக்குப் பதில் ஆறு வரும். 501-ஐ 15 பார்க்கிறார் என்று ஒரு வரி வரும். அவர் பார்க்கவே இல்லை. வரிகள் கூடியிருக்கின்றன, ஆனால் யார் யாரைப் பார்க்கிறார் என்ற உண்மை தொலைந்துவிட்டது. இழப்பு என்று இந்தத் துறையில் சொல்வது இப்படிப் போலி வரிகள் முளைப்பதைத்தான்.

ஆக, முதல் உடைப்புதான் சரி. ஆனால் அதில் இரண்டாம் விதி எங்கே போயிற்று? 'நோயாளி, மருத்துவர்' அட்டவணையில் 501, 12 என்று ஒரு வரி இருக்கிறது. இப்போது பதிவு மேசையில் ஒருவர் 501, 15 என்று இன்னொரு வரியைச் சேர்க்கிறார். தரவுத்தளம் தடுக்குமா? தடுக்காது. இரண்டு பத்திகளும் சேர்ந்துதானே சாவி. 501-12, 501-15 இரண்டும் வெவ்வேறு. 'மருத்துவர், துறை' அட்டவணையைப் பார்த்தால் அங்கும் தவறில்லை; 12 இதயம், 15 இதயம், ஒவ்வொருவருக்கும் ஒரே துறைதான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு அட்டவணைகளும் பழுதற்றவை. சேர்த்துப் பார்த்தால்தான் 501-க்கு இதயத் துறையில் இரண்டு மருத்துவர்கள் என்பது தெரிகிறது. அந்தத் தவறு நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க இப்படித் தேட வேண்டும்:

```sql
SELECT c.patient_id, d.dept
FROM care c
JOIN doctor d ON d.doctor_id = c.doctor_id
GROUP BY c.patient_id, d.dept
HAVING COUNT(*) > 1;
```

இதில் ஒரு வரி வந்தாலும் விதி உடைந்துவிட்டது என்று பொருள். ஆனால் இது நடந்தபின் கண்டுபிடிப்பது, நடக்கும்போதே தடுப்பதல்ல.

இந்த இடத்தில் கெட்டிக்காரர்கள் எல்லோருக்கும் தோன்றும் கேள்வி ஒன்று உண்டு. வேறு ஏதாவது சாமர்த்தியமான உடைப்பு இருக்காதா? கண்டிப்பான ஃபார்மும் வேண்டும், இழப்பும் கூடாது, இரண்டு விதிகளும் தனித்தனி அட்டவணைகளுக்குள்ளேயே காக்கப்பட வேண்டும். இந்த மூன்றையும் தரும் உடைப்பு ஒன்று எங்காவது இருக்கும், நமக்குத்தான் கிடைக்கவில்லை என்று தேடிக்கொண்டே இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இல்லை. அது இல்லை என்பதை இங்கேயே காட்டிவிடலாம். மூன்றே பத்திகள் என்பதால் எல்லா வாய்ப்புகளையும் எண்ணிவிட முடியும்.

மூன்று பத்திகளும் ஒன்றாக இருக்கும் அட்டவணை கண்டிப்பான தேர்வில் தேறாது என்று பார்த்துவிட்டோம். அப்படியானால் உடைப்பில் வரும் எந்த அட்டவணையிலும் அதிகபட்சம் இரண்டு பத்திகள்தான் இருக்கலாம். இரண்டு பத்தி ஜோடிகள் மூன்றே மூன்று. 'நோயாளி, துறை' என்ற ஜோடிக்குள் எது எதையும் தீர்மானிப்பதில்லை: ஒரு நோயாளி பல துறைகளுக்குப் போகிறார், ஒரு துறைக்குப் பல நோயாளிகள் வருகிறார்கள். 'நோயாளி, மருத்துவர்' ஜோடியும் அப்படியே. 'மருத்துவர், துறை' ஜோடிக்குள் மட்டும் ஒரு சார்பு இருக்கிறது, அது முதல் விதி. எந்த ஜோடிகளைத் தேர்ந்தெடுத்தாலும், மூன்றையுமே வைத்துக்கொண்டாலும், தனித்தனி அட்டவணைகளுக்குள் நிற்கக்கூடிய சார்பு அந்த ஒன்றுதான். இப்போது கையில் முதல் விதி மட்டும் இருக்க, நோயாளியும் துறையும் தெரிந்தால் மருத்துவரைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. மருத்துவரிலிருந்து துறைக்குப் போக வழி இருக்கிறது. துறையிலிருந்து மருத்துவருக்கு வர வழி இல்லை. இரண்டாம் விதிக்கு மூன்று பத்திகளும் ஒரே இடத்தில் வேண்டும். கண்டிப்பான ஃபார்ம் அதைத்தான் அனுமதிப்பதில்லை. எந்த மென்பொருள் வல்லுநர் வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

எல்லா உடைப்பிலும் இப்படி நேரும் என்று பயப்பட வேண்டாம். உதாரணமாக, மருத்துவர் துறையைத் தீர்மானிக்கிறார், துறை மாடியைத் தீர்மானிக்கிறது என்று ஓர் அட்டவணை இருந்தால், 'மருத்துவர், துறை', 'துறை, மாடி' என்று உடைத்துவிடலாம். ஒவ்வொரு விதியும் தன் அட்டவணைக்குள்ளேயே பத்திரமாக இருக்கும், இழப்பும் இல்லை, கண்டிப்பான ஃபார்மும் கிடைக்கும். சிக்கல் வருவது, ஒரு விதி சாவியின் ஒரு பாகத்தை நோக்கித் திரும்பி வரும்போது மட்டும்தான். நம்முடையதில் துறை இரண்டாம் விதியில் தீர்மானிக்கும் இடத்தில் நிற்கிறது. முதல் விதியில் தீர்மானிக்கப்படும் இடத்தில் நிற்கிறது. உடைக்கும்போது அந்தத் துறை மருத்துவரோடு போய்விடுகிறது, நோயாளியோடு இருந்த உறவு அறுந்துவிடுகிறது.

மூன்றாம் ஃபார்மின் சலுகை எதற்கு என்பது இப்போது விளங்கும். ஃபிலிப் பெர்ன்ஸ்டைன் 1976-ல் சார்புகளிலிருந்தே அட்டவணைகளைக் கட்டும் முறை ஒன்றைத் தந்தார். ஒவ்வொரு சார்புக்கும் ஓர் அட்டவணை, அதன்பின் எதிலும் ஒரு சாவி முழுசாக அடங்கவில்லை என்றால் சாவிக்கென்று ஒன்று கூடுதலாக. பின்னர் வந்த இந்தச் சேர்க்கையோடு பார்த்தால், மூன்றாம் ஃபார்மில் இழப்பில்லாமலும் எல்லா விதிகளையும் காத்தும் எப்போதும் உடைத்துவிடலாம். எந்தச் சார்புத் தொகுதியைக் கொடுத்தாலும் இது நடக்கும். கண்டிப்பான ஃபார்முக்கு இழப்பில்லாமை மட்டும்தான் உத்தரவாதம். விதிகள் மிஞ்சுமா என்பது அட்டவணைக்கு அட்டவணை மாறும்.

பெர்ன்ஸ்டைன் முறையை நம் மருத்துவமனைக்கு ஓட்டினால் 'நோயாளி, துறை, மருத்துவர்' என்று ஒன்றும், 'மருத்துவர், துறை' என்று ஒன்றும் வரும். இரண்டாவது முதலாவதுக்குள்ளேயே அடங்கியிருப்பதால் அதை விட்டுவிடலாம் என்று பாடநூல் சொல்லும். நான் அதைக் கேட்கமாட்டேன். அந்தச் சின்ன அட்டவணைதான் நம்மைக் காப்பாற்றப் போவது. இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றை இன்னொன்றோடு கட்டிவிட வேண்டும்:

```sql
CREATE TABLE doctor (
  doctor_id INT PRIMARY KEY,
  dept VARCHAR(30) NOT NULL,
  UNIQUE (doctor_id, dept)
);
CREATE TABLE care (
  patient_id INT,
  dept VARCHAR(30),
  doctor_id INT NOT NULL,
  PRIMARY KEY (patient_id, dept),
  FOREIGN KEY (doctor_id, dept)
    REFERENCES doctor (doctor_id, dept)
    ON UPDATE CASCADE
);
```

`doctor` அட்டவணையில் மருத்துவருக்கு ஒரே ஒரு வரி. முதல் விதி அங்கே நிற்கிறது. `care` அட்டவணையில் நோயாளியும் துறையும் சேர்ந்து சாவி. இரண்டாம் விதி அங்கே நிற்கிறது. கடைசியில் உள்ள `FOREIGN KEY` வரிதான் முக்கியம். `care`-ல் எழுதும் மருத்துவர்–துறை ஜோடி `doctor`-ல் அப்படியே இருந்தாக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. மருத்துவர் 12-ஐ ஒரு வரியில் இதயம் என்றும் இன்னொரு வரியில் சர்க்கரை என்றும் எழுதவே முடியாது. மருத்துவர் எண் ஏற்கெனவே சாவியாக இருக்க, அதோடு துறையையும் சேர்த்து `UNIQUE` என்று எழுதுவது பார்ப்பதற்கு வீண் போலத் தெரியும். ஆனால் அது இல்லாமல் பல தரவுத்தளங்கள் அந்த ஜோடியைச் சுட்டிக்காட்ட விடாது. புதிய மருத்துவரை நோயாளி இல்லாமலே பதியலாம். கடைசி நோயாளியை அழித்தாலும் மருத்துவர் இருப்பார். துறை பல வரிகளில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது என்ற குறை மட்டும் மிச்சம். ஆனால் அந்தத் திரும்ப எழுதல் இனி முரண்படாது.

வேறு வழிகளும் பேசப்படுகின்றன. எஸ்.க்யூ.எல். மொழியின் 1992 தரநிலையிலேயே `CREATE ASSERTION` என்று ஒன்று இருக்கிறது. பல அட்டவணைகளைச் சேர்த்துப் பார்த்து விதியைக் காக்கும் வசதி. நெடுங்காலம் எந்தப் பெரிய தரவுத்தளமும் அதைக் கையிலெடுக்கவில்லை. கண்டிப்பான உடைப்பையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரி சேரும்போதும் டிரிக்கர் ஒன்றை ஓடவிட்டு இரண்டு அட்டவணைகளையும் இணைத்துச் சரிபார்க்கலாம் என்பார்கள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு மேசைகளில் ஒரே நொடியில் 501-ஐப் பதிகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 12, மற்றதில் 15. இரண்டு டிரிக்கர்களும் ஓடுகின்றன. முடிவடையாத அடுத்தவர் வேலை பொதுவான அமைப்பில் எவருக்கும் தெரியாது என்பதால், இதயத்துக்கு இன்னும் யாருமில்லை என்றே இரண்டும் முடிவு செய்கின்றன. இரண்டும் பதிவாகிவிடுகின்றன. சோதனைக்கூடத்தில் ஒருவர் மட்டும் தட்டிப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. பரிவர்த்தனைகளை `SERIALIZABLE` நிலையில் ஓட்டினால் இது நிற்கும். அப்போது வேகத்தையும், மறுமுயற்சி செய்யும் நிரலையும் விலையாகக் கொடுக்க வேண்டும்.

எந்த வழியில் போவதற்கு முன்னாலும் விதிகள் உண்மைதானா என்று மருத்துவமனையிடம் கேட்க வேண்டும். சார்புகள் பிறப்பது நிறுவனத்தின் நடைமுறையிலிருந்து. கையில் இருக்கும் வரிகளிலிருந்து அல்ல. ஆயிரம் வரிகளைப் பார்த்து எந்த மருத்துவரும் இரண்டு துறைகளில் இல்லை என்று தெரிந்தால், விதி இதுவரை உடையவில்லை என்பது மட்டும்தான் தெரிகிறது. வாரத்தில் இரண்டு நாள் பொது மருத்துவத்திலும் மற்ற நாட்களில் சர்க்கரைப் பிரிவிலும் உட்காரும் ஒரே ஒருவர் இருந்தால் முதல் விதியே இல்லை. அப்போது மருத்துவர் தீர்மானியும் அல்ல. மூன்று பத்தி அட்டவணை எதையும் உடைக்காமலே கண்டிப்பான ஃபார்மில் இருக்கும். இத்தனை யோசனைக்கும் வேலையே இல்லை.

விதிகள் உண்மை என்றால், நான் மூன்று பத்திகளையும் சேர்த்தே வைப்பேன். இரண்டாம் விதி மீறப்பட்டால் பாதிக்கப்படுவது ஒரு மனிதரின் உடல். துறையின் பெயர் சில ஆயிரம் வரிகளில் திரும்ப வருவதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இதுவே, விதி மீறப்பட்டாலும் வாரக் கடைசியில் மேலே உள்ள தேடலை ஓட்டித் திருத்திக்கொண்டால் போதும் என்கிற விஷயமாக இருந்து, துறைகளோ அடிக்கடி மாறுகிறவையாக இருந்தால், கண்டிப்பான உடைப்பையே தேர்ந்தெடுப்பேன்.

கட்டிவைத்த அமைப்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஒரு மாற்றத்தில் பார்த்துவிடலாம். மருத்துவர் 12-ஐ இதயத்திலிருந்து பொது மருத்துவத்துக்கு மாற்றுகிறார்கள். `doctor` அட்டவணையில் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். `ON UPDATE CASCADE` அவருடைய நோயாளிகளின் வரிகளையெல்லாம் தானாகவே திருத்திவிடும். 501, 503 இருவருக்கும் இப்போது பொது மருத்துவத்தில் 12. ஆனால் 503-க்குப் பொது மருத்துவத்தில் ஏற்கெனவே மருத்துவர் 31 இருந்திருந்தால்? '503, பொது மருத்துவம்' என்ற சாவி இரண்டு தடவை வரும். தரவுத்தளம் மொத்த மாற்றத்தையும் நிராகரித்துவிடும், 501-இன் வரி உட்பட எதுவும் மாறாது. 503-ஐ இனிமேல் 12 பார்ப்பாரா, 31 பார்ப்பாரா என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்த பிறகுதான் இடமாற்றம் பதிவாகும்.